கணினிக்குள் ஒரு பைக்கால் பனிக்கட்டி

சைபீரியாவின் பைக்கால் ஏரி ஜனவரி வாக்கில் உறைந்தால், கரைய மே மாதம் ஆகிவிடும். பல இடங்களில் அந்தப் பனிக்கட்டியின் கனம் ஒரு மீட்டரைத் தொடும். அந்த ஏரியின் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு மூன்று விஷயங்கள் மனதில் நிற்கும். காற்றும் பனித்துகளும் உரசிய இடங்களில் மேற்பரப்பு மங்கிக் கிடக்கும். கட்டிக்குள்ளே, ஆழத்தில், வெள்ளையாக விரிசல்கள் ஓடும். மூன்றாவது, நிறம். கையில் எடுத்த ஒரு சில்லுக்கு நிறமே இராது. அதே ஏரியில், பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிமிர்ந்து நிற்கும் இடங்களில் கனத்த கட்டிகள் நீலப்பச்சையாக ஒளிரும்.

திரைப்படத்துக்கோ விளம்பரத்துக்கோ இப்படி ஒரு பனிக்கட்டியைக் கணினியில் செய்யவேண்டி வந்தால், புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மூன்றையுமே மேற்பரப்பில் செய்துவிடுகிறார்கள். கட்டிக்கு வெளிர்நீலம் கொடுப்பார்கள், விரிசல் படம் ஒன்றை அதன்மேல் ஒட்டுவார்கள், கொஞ்சம் வெண்மை சேர்ப்பார்கள். கிடைப்பது நீல நெகிழிக் கட்டி. கேமரா அசையாதவரை ஓரளவு தப்பிக்கும். அசைந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இயற்கையில் இந்த மூன்றும் நடப்பது மூன்று வெவ்வேறு இடங்களில். மங்கல் நடப்பது கட்டியின் தோலில். நிறம் பிறப்பது அதன் உடலில். விரிசல் என்பது உடலுக்குள் இருக்கும் இன்னொரு தோல். இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் கணினியும் ஏறக்குறைய இயற்கை செய்வதையே செய்துகாட்டும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளையும், அதற்குள் ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் வரையும் சைக்கிள்ஸ் என்ற பகுதியையும் வைத்து இதை விளக்குகிறேன். மற்ற மென்பொருள்களில் பொத்தான்களின் பெயர் மாறும், இயற்பியல் மாறாது.

முதலில் தோல். ஃப்ராஸ்டட் கண்ணாடி போட்ட குளியலறைக் கதவை எல்லோரும் பார்த்திருப்போம். மணல் வீசியோ அமிலத்தால் அரித்தோ அதன் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்தப் பரப்பு ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு சாய்தளங்களாக இருக்கிறது. ஒவ்வொரு சாய்தளமும் வழவழப்பான கண்ணாடியைப் போலத்தான் ஒளியை விலக்குகிறது; ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருப்பதால் கதிர்கள் சிதறிப் பரவுகின்றன. சொரசொரப்பான பரப்பின் ஊடாக ஒளி எப்படி விலகுகிறது என்பதற்கான கணக்கை 2007-இல் புரூஸ் வால்டர், ஸ்டீபன் மார்ஷ்னர் உள்ளிட்ட நால்வர் ஓர் ஆய்வுக்கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார்கள். சொரசொரப்பாக்கிய கண்ணாடித் துண்டுகளின் வழியே ஒளி சிதறுவதை அளந்து பார்த்து, அந்தச் சாய்வுகளின் பரவலுக்கு GGX என்று பெயரிட்ட ஒரு சூத்திரத்தை முன்வைத்தார்கள். பிளெண்டர் உட்பட இன்று பெரும்பாலான மென்பொருள்கள் பயன்படுத்துவது அதைத்தான். கலைஞருக்குக் கண்ணில் படுவது Roughness என்ற ஒரே ஓர் எண். அது 0 என்றால் முழு வழவழப்பு, 1 என்றால் முழுச் சொரசொரப்பு.

அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தை விவரமாகப் பார்க்கலாம், ஏனெனில் கண்ணாடியையும் பனிக்கட்டியையும் வேறுபடுத்துவதே அதுதான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. பனிக்கட்டிக்கு 1.31, தண்ணீரைவிடக்கூடச் சற்றுக் குறைவு. ஒரு சாய்தளம் 10 பாகை சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். பனிக்கட்டியிலிருந்து நேராக வெளியே வரும் கதிரை அது ஏறத்தாழ 3 பாகைதான் திருப்பும். கண்ணாடியாக இருந்தால் 5 பாகை. ஆனால் அதே சாய்தளத்தில் வெளியிலிருந்து பட்டு எதிரொளிக்கும் கதிர் 20 பாகை திரும்பிவிடும். ஆகவே ஒரே சொரசொரப்பு பனிக்கட்டியின் மேல் மின்னும் பளபளப்பை நன்றாகக் கலைத்துவிடும்; அதன் ஊடாகத் தெரியும் காட்சியையோ கொஞ்சம்தான் கலைக்கும். காற்று உரசிய பைக்கால் பரப்பில் சூரியனின் பிரதிபலிப்பு பரந்து மங்கியிருக்க, உள்ளே இருக்கும் விரிசல் மட்டும் தெளிவாகத் தெரிவது இதனால்தான். கண்ணாடிக்குப் பழகிய கை பனிக்கட்டிக்கும் அதே Roughness கொடுத்துவிட்டு, மங்கல் போதவில்லையே என்று தவிப்பதும் இதனால்தான்.

தூரமும் சேர்ந்து வேலை செய்கிறது. 3 பாகை திரும்பிய கதிர், பரப்பை ஒட்டியிருக்கும் பொருளைச் சென்று தொடுவதற்குள் விலகிப்போக இடமே இல்லை. 10 செ.மீ. தள்ளியிருக்கும் பொருளில் அது அரை செ.மீ. பிசகும், ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் 5 செ.மீ.க்கு மேல். குளியலறைக் கதவில் பதிந்த உள்ளங்கை தெளிவாகத் தெரிந்து, பின்னால் நிற்கும் ஆள் வெறும் நிழலாகத் தெரிவது இந்தக் கணக்கின்படிதான். எனவே கலைஞர் தனியாக எந்த மங்கலையும் பூசவேண்டியதில்லை. பொருளைச் சரியான தூரத்தில் வைத்தால் போதும்.

பரப்பு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஃப்ராஸ்டட் கண்ணாடி கிடைக்கும், பனிக்கட்டி கிடைக்காது. உருகி நனைந்த இடத்தில் 0.03 போதும், பனித்துகள் உரசிய இடத்தில் 0.4 வேண்டியிருக்கும். இதற்காக இரண்டு தனித்தனி மெட்டீரியல்கள் செய்யாமல், ஒரே மெட்டீரியலில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டு Roughness-ஐ மட்டும் இடத்துக்கு இடம் மாற்றுவது நல்லது. கட்டியின் உடல் ஒன்றுதான் என்பதைக் கணினி குழப்பமில்லாமல் புரிந்துகொள்ள அது உதவும். கண்ணுக்குத் தெரியும் அளவிலான மேடுபள்ளங்களை இந்த எண்ணில் அடைக்கவும் கூடாது. மில்லிமீட்டர் அலைகள் கட்டியின் உருவத்திலேயே இருக்கவேண்டும்.

அடுத்தது உடலும் அதன் நிறமும். தூய பனிக்கட்டி சிவப்பு ஒளியைச் சிறிதளவு விழுங்குகிறது. நீலத்தை ஏறக்குறைய முழுமையாகப் போகவிடுகிறது. விழுங்கும் அளவு மிகக் குறைவு. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளி ஒரு மீட்டர் தூய பனிக்கட்டியைக் கடந்தால் 100-க்கு 89 பங்கு வெளியே வந்துவிடும். குளிர்பானக் குவளையில் போடும் 3 செ.மீ. துண்டில் இழப்பு அரை சதவீதம்கூட இல்லை. அப்படியென்றால் விளம்பரங்களில் வரும் நீல ஐஸ் துண்டுகளுக்கு இயற்கையில் ஆதாரம் இல்லை. குவளைத் துண்டுக்கு நிறமே தராமல் விடுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அதன் அழகு முழுக்க ஒளிவிலகலில் இருக்கிறது. நீலம் சேர்த்தால் அந்த அழகு அடங்கிப்போகிறது.

கனமான பாளத்துக்கு நிறம் வேண்டும். அதை எங்கே கொடுப்பது என்பதே கேள்வி. மேற்பரப்பின் Color கட்டத்தில் கொடுத்தால், கதிர் தோலைக் கடக்கும்போதெல்லாம் ஒரே அளவு நிறம் ஏறும், ஒரு செ.மீ. ஓரமும் ஒரு மீட்டர் நடுப்பகுதியும் ஒரே நீலமாக இருக்கும். மேற்பரப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். நிறத்தை Volume Absorption என்ற பகுதியில் கொடுக்கவேண்டும். அங்கே கணினி, கதிர் உள்ளே எவ்வளவு தூரம் நடந்தது என்று பார்த்து அதற்கேற்ப விழுங்குகிறது. பியர்–லாம்பெர்ட் விதி என்று வேதியியல் வகுப்பில் படித்தவர்களுக்கு இது பழக்கமான கணக்கு: தூரம் இரட்டித்தால் மிஞ்சும் பங்கு தன்னைத்தானே ஒருமுறை பெருக்கிக்கொள்ளும்.

ஒரு பாளத்துக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் கடந்தபின் சிவப்பில் 40 சதவீதம், பச்சையில் 80, நீலத்தில் 92 மிஞ்சவேண்டும் என்று முடிவு செய்கிறேன். இது இயற்கையைவிடச் சில மடங்கு அழுத்தமான நிறம்தான். ஆனால் ஒரு மீட்டர் பாளத்தில் கண்ணுக்குப் படவேண்டுமானால் இந்த அளவு கூட்டவேண்டியிருக்கிறது. 0.40, 0.80, 0.92 ஆகிய எண்களின் இயல் மடக்கையை எடுத்து எதிர்க்குறியை நீக்கினால் முறையே 0.916, 0.223, 0.083 கிடைக்கும். மீட்டருக்கு விழுங்கும் அளவு இவை. சைக்கிள்ஸ் இந்த அளவை, 1-லிருந்து Color எண்ணைக் கழித்து Density-யால் பெருக்கிக் கண்டுகொள்கிறது. ஆகவே நாம் கொடுக்கவேண்டியது:

```
Volume Absorption
Density = 1.0
Color   = 0.084, 0.777, 0.917
```

இப்போது 10 செ.மீ. ஓரத்தில் சிவப்பு 91 சதவீதம் தப்பி வருகிறது. நிறமற்றது என்றே கண் சொல்லும். பாளத்தின் நீளவாக்கில் பார்த்தால் ஒரு மீட்டருக்கு 40. உள்ளே ஒருமுறை எதிரொளித்து இரண்டு மீட்டர் நடந்துவந்த கதிரில் சிவப்பு 16 சதவீதம்தான். பச்சையில் 64, நீலத்தில் 85 மிஞ்சுவதால் அந்த இடம் ஆழ்ந்த நீலப்பச்சையாகத் தெரியும். ஒரே மெட்டீரியல், ஒரே எண்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் நிறத்தைப் பிரித்துக் கொடுத்தது கட்டியின் வடிவம்.

இங்கே பலரும் சறுக்குவது அளவில். பிளெண்டர் திறந்ததும் நடுவில் நிற்கும் கனசதுரத்தின் பக்கம் 2 மீட்டர். குவளையில் மிதக்கும் துண்டுதானே என்று அதையே எடுத்து வேலை செய்தால், கணினிக்கு அது ஓர் அறையில் பாதி. 3 செ.மீ. துண்டுக்காகக் கணித்த எண்கள் அங்கே 60 மடங்குக்கும் அதிகமான தூரத்தில் வேலை செய்து கட்டியைக் கறுப்பாக்கிவிடும். நிறம் சரியில்லை என்றால் எண்களைத் திருகுவதற்கு முன்னால் உருவத்தின் அளவைப் பார்ப்பதே முதல் வேலை.

இனி விரிசல். இதில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும்.

விரிசல் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? பைக்காலில் பகலும் இரவும் வெப்பம் ஏறி இறங்க, பனிக்கட்டி விரிந்து சுருங்கிப் பிளக்கிறது. பிளவுக்குள் இருப்பது மெல்லிய காற்று. அதில் வெள்ளைப் பொருள் எதுவும் இல்லை. விரிசலை நேர்முகமாகப் பார்த்தால் அதன் ஒவ்வொரு சுவரும் 2 சதவீதத்துக்கும் குறைவான ஒளியையே திருப்பி அனுப்பும்; ஊடுருவிப் பார்த்துவிடலாம். பார்வை சாயச் சாய நிலைமை மாறும். பனிக்கட்டியிலிருந்து காற்றுக்குப் போகும் கதிர் சுமார் 50 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியேறவே முடியாது. முழு அக எதிரொளிப்பில் மொத்தமும் திரும்பிவிடும். அந்தக் கணத்தில் விரிசல் ஒரு கண்ணாடித் தகடாகிவிடுகிறது; வானத்தின் ஒளியை அப்படியே நம் கண்ணுக்கு அனுப்புகிறது. கட்டியைக் கையில் வைத்துத் திருப்பினால் விரிசல் பளிச்சிட்டு மறைவதைப் பார்க்கலாம். அந்தத் தோன்றி மறைதல் இல்லாவிட்டால் அது விரிசல் படம்தான். அதில் தண்ணீர் புகுந்தால் வெள்ளை மறைந்துவிடும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் பனிக்கட்டிக்கும் அதற்கும் இடையே ஒளி திரும்ப ஏறக்குறைய காரணமே இல்லை.

ஆகவே கணினியிலும் விரிசல் என்பது உண்மையான ஓர் உருவமாக, கட்டிக்குள் அடைபட்ட காற்றுக் குழியாக இருக்கவேண்டும். ஒரு சமதளத்தை எடுத்து, நிறையக் கட்டங்களாகப் பிரித்து, அலை அலையாக வளைத்து, விளிம்பை ஒழுங்கில்லாமல் கிழித்துக்கொள்ளலாம். பிறகு அதற்கு 0.2 மி.மீ. கனம் கொடுக்கவேண்டும். கனம் கொடுக்காமல் ஒற்றைத் தாளாக விடுவதுதான் மிகப் பரவலான பிழை. சைக்கிள்ஸ் ஒரு முகத்தின் எந்தப் பக்கம் கதிர் மோதுகிறது என்பதை வைத்தே அது உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று முடிவு செய்கிறது. ஒற்றைத் தாளைத் தாண்டிய கதிர், தான் காற்றுக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டே மிச்சப் பனிக்கட்டியைக் கடக்கும். விரிசலுக்கு அப்பால் நிறம் ஏறாது. வெளித்தோலில் வளையும் கோணமும் தவறாகும். இரண்டு சுவர்கள் இருந்தால் முதல் சுவரில் வெளியேறி, மெல்லிய காற்றைக் கடந்து, இரண்டாவது சுவரில் மீண்டும் பனிக்கட்டிக்குள் நுழையும்.

அந்தச் சுவர்களின் வெளிப்பக்கம் எது என்பதும் முக்கியம். பனிக்கட்டியின் பார்வையில் குழியின் உட்புறம்தான் ‘வெளியே’. எனவே விரிசல் உருவத்தின் முகங்களைப் புரட்டிப்போட்டு, பிறகே பெரிய கட்டியோடு ஒரே உருவமாகச் சேர்க்கவேண்டும். பிளெண்டரில் Face Orientation காட்சியைப் போட்டால் வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் சிவப்பாகவும் தெரியும். கட்டியின் வெளித்தோல் முழுக்க நீலமாக இருக்கவேண்டும். பனிக்கட்டிக்குள் நுழைந்து விரிசலைப் பார்த்தால் அது சிவப்பாக இருக்கவேண்டும். நீலமாக இருந்தால், காற்றுக் குழிக்குப் பதிலாகப் பனிக்கட்டிக்குள் இன்னொரு பனிக்கட்டி அடைபட்டிருக்கிறது என்று கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவும் விடக்கூடாது. இயற்கையில் அவை வெட்டும். நமக்கும் அப்படிச் செய்ய ஆசை வரும். ஆனால் ஒரு குழிக்குள் இருக்கும் கதிர் அங்கிருந்தே அடுத்த குழியின் சுவரில் மோதினால், ஏற்கெனவே காற்றில் இருப்பது மறுபடியும் ‘வெளியேறும்’. அந்த வெட்டுக்கோட்டில் பொருளற்ற பிரகாசமும் இருளும் முளைக்கும். சேர்ந்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு குழிகளையும் முதலில் ஒன்றாக இணைத்து, உள்ளே மிஞ்சும் சுவர்களை நீக்கிவிட்டு, பிறகே கட்டிக்குள் வைக்கவேண்டும். நான் பெரும்பாலும் அவற்றுக்கிடையே மி.மீ. கணக்கில் இடைவெளி விட்டுவிடுவேன். ஒளிவிலகலின் ஊடாகப் பார்க்கும்போது அந்த இடைவெளி யார் கண்ணிலும் படாது.

எல்லாம் சரியாக இருந்தும் படத்தில் சில இடங்கள் மை ஊற்றியதுபோல் கறுத்திருக்கும். காரணம் பெரும்பாலும் பயண வரம்பு. ஒரு கதிர் எத்தனை முறை திசை மாறலாம் என்பதற்கு சைக்கிள்ஸ் ஓர் எல்லை வைத்திருக்கிறது. வழக்கமாக அது 12. வெளித்தோலில் நுழைய ஒன்று, வெளியேற ஒன்று. ஒவ்வொரு விரிசலுக்கும் இரண்டு சுவர். ஐந்து விரிசல்களைத் தாண்டினாலே 12 தீர்ந்துவிடும். ஆறாவதன் பின்னால் கதிர் கைவிடப்பட்டு அந்தப் புள்ளி கறுப்பாகிறது. அக எதிரொளிப்புகளோ Glossy என்ற தனிக் கணக்கில் சேரும். அதன் வழக்கமான எல்லை வெறும் 4. விரிசல் நிறைந்த கட்டிக்கு மொத்த எல்லையையும் Transmission எல்லையையும் 32-க்கும், Glossy எல்லையை 16-க்கும் உயர்த்திப் பார்க்கவேண்டும். கறை மறைந்தால் நோய் அதுதான். மறையாவிட்டால் புரளாத முகம் எங்கோ இருக்கிறது, அல்லது அந்த இடம் உண்மையிலேயே இருண்ட பின்னணியைத்தான் காட்டுகிறது.

அந்தக் கடைசிச் சாத்தியத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தெளிந்த பனிக்கட்டிக்குச் சொந்தமாகக் காட்ட எதுவும் இல்லை. சுற்றியிருப்பதை வளைத்துக் காட்டுவதே அதன் தோற்றம். பைக்கால் படங்களில் விரிசல் அவ்வளவு வெண்மையாகத் தெரிவதற்கு, அடியில் ஒளியே திரும்பிவராத ஆழ்நீர் இருப்பது பெரிய காரணம். உலகின் மிக ஆழமான ஏரி அது. ஆழம் 1,642 மீட்டர். சாம்பல்நிற வெற்றுவெளியில் கட்டியை வைத்து எண்களைத் திருகிக்கொண்டிருப்பவர்கள், கீழே ஒரு கறுப்புத் தளத்தையும் பக்கவாட்டில் பின்னிருந்து ஒரு பெரிய விளக்கையும் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். விளக்கு பெரிதாக இருப்பது நல்லது. சொரசொரப்பான தோலின் ஊடாகச் சிறிய விளக்கைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கும் கதிர்கள் மிகச் சில என்பதால், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்துவிடும்.

கணினி விளையாட்டுகளில் இவ்வளவு நேரம் கிடையாது. ஒரு நொடிக்கு 60 படங்கள் வரைய வேண்டிய இடத்தில் கதிரை உள்ளே நடக்கவிட்டு அளக்க முடியாது. அங்கே கட்டியின் கனத்தை முன்கூட்டியே ஒரு படமாகப் பதிந்துவைத்து, அந்தக் கனத்தைக் கொண்டு அதே பியர்–லாம்பெர்ட் கணக்கைப் போடுகிறார்கள். நிறம் ஏறக்குறைய சரியாக வரும். விரிசலின் தோன்றி மறைதலை அதே அளவுக்குப் பெறமுடியாது.

மெதுவாகப் படம் வரையும் முறைக்கும் எட்டாத ஒன்று உண்டு. மிக மெல்லிய விரிசல்களில், காற்று இடைவெளி ஒளியின் அலைநீளத்தை நெருங்கும் இடங்களில், இயற்கைப் பனிக்கட்டி வானவில் நிறப் பட்டைகளைக் காட்டும். இரண்டு சுவர்களிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நிறம் அது. கதிர் என்பது நேர்கோடு என்று கொண்டு கணக்கிடும் நிரலுக்கு அலை தெரியாது. நாம் 0.2 மி.மீ. கனம் கொடுத்து அடைத்த குழியில் அந்த நிறங்கள் தாமாக வரப்போவதில்லை. வேண்டுமென்றால் விரிசலின் கூர்விளிம்பை ஒட்டி, கண்டும் காணாத அளவில், அவற்றைக் கையால்தான் சேர்க்கவேண்டும்.